புதிய தலைவரை அறிமுகம் செய்வதும் காலரை ஒப்படைப்பதும்

ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அதனால் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுவதும் ஊருக்கு ஊர் பதவியேற்பு விழாக்கள் நடக்கின்றன. அழைப்பிதழ், பொன்னாடை, நினைவுப் பரிசு, இரவு விருந்து எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழு போட்டு வாரக்கணக்கில் உழைப்பார்கள். விழாவின் நடுவில் வருகிற பத்து நிமிடத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்பதில்லை. பதவி விடுபவர் புதியவரை அறிமுகம் செய்து, தலைவர் பதவியின் அடையாளமாகத் தான் கழுத்தில் அணிந்திருக்கும் காலரைக் கழற்றி அவருக்கு அணிவிக்கும் நேரம் அது. கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் கையில் புதிய தலைவரின் பயோடேட்டா தாள் வந்து சேரும். அவர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். அந்தப் பத்து நிமிடத்தைச் சரியாக அமைப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், அறிமுகம் செய்வது யார்? சில சங்கங்களில் மூத்த முன்னாள் தலைவர் செய்கிறார். சிலவற்றில் புதியவரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவர் செய்கிறார். பதவி விடுகிற தலைவரே செய்வதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. அறிமுகமும் ஒப்படைப்பும் ஒரே செயலின் இரண்டு பாதிகள். புகழ்ந்து பேசிய அதே கைதான் காலரையும் எடுத்து அணிவிக்க வேண்டும். நடுவில் வேறொருவர் புகுந்தால், பதவி விடுபவர் மேடை ஓரத்தில் காலரோடு காத்து நிற்பார். பறிகொடுக்க நிற்பவர் போலத் தெரியும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த ஆண்டில் இருவருக்கும் மனத்தாங்கல் இருந்திருந்தால், அல்லது தலைவர் தேர்வே போட்டியில் முடிந்திருந்தால், அறிமுகத்தை இருவருக்கும் வேண்டிய ஒரு முன்னாள் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். மனம் ஒட்டாத புகழுரை இரண்டாவது வரியிலேயே கூடத்துக்குத் தெரிந்துவிடும். பதவி விடுபவர் காலரை அணிவித்துக் கைகுலுக்கினால் போதும். அதில் குறை காண யாருக்கும் இடமிருக்காது.

அடுத்தது தேதி. பலர் கவனிக்காமல் விடுவது இது. விழா ஜூன் 26இல் நடந்தால், காலர் கைமாறிய பின்னும் ஜூன் 30 வரை பழைய தலைவர்தான் தலைவர். அப்படிப்பட்ட மேடையில் தொகுப்பாளர் அவரை 'முன்னாள் தலைவர்' என்று அழைத்தால் அது தவறு. கேட்பவருக்கு வலிக்கவும் செய்யும். விழா ஜூலை 12இல் நடந்தால் நிலைமை நேர்மாறு. புதியவர் பதினொரு நாளாகப் பொறுப்பில் இருக்கிறார். அவரைப் பார்த்து 'தலைவராகப் போகிறவர்' என்று சொன்னால், அவர் ஜூலை முதல் நாளே செய்து முடித்த பணியைச் சொல்லவே வழியில்லாமல் போகும். ஆகவே உரையை எழுதும்போதே தாளின் தலைப்பில் தேதியைக் குறித்துக்கொண்டு, வினைச்சொற்களை அதற்கேற்ப வையுங்கள். தொகுப்பாளரின் தாளையும் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உரைக்கான விவரம் சேர்க்க அவகாசம் நிறையவே இருக்கிறது. ரோட்டரி சங்கத்தின் சட்டவிதிப்படி ஒரு தலைவர் பொறுப்பேற்பதற்குக் குறைந்தது 18 மாதம் முன்பே தேர்ந்தெடுக்கப்படுகிறார். அதில் கடைசி ஓராண்டு பிரசிடென்ட் எலெக்ட் என்ற பெயரில் நிர்வாகக் குழுவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் விழாவுக்கு முந்தின நாள் வாட்ஸப்பில் பயோடேட்டா கேட்பது வழக்கமாகிவிட்டது. பயோடேட்டா வேண்டும்தான், பெயரின் எழுத்து, முன்னெழுத்து, சேர்ந்த ஆண்டு, வகித்த பொறுப்புகள் ஆகியவற்றைச் சரிபார்க்க அது உதவும். உரையின் உயிர் அதில் இருக்காது. அதற்கு மூன்று பேரிடம் பேச வேண்டும்: அவர் செயலாளராகவோ பொருளாளராகவோ இருந்தபோது தலைவராக இருந்தவர், அவரோடு ஒரு முகாமிலாவது நாள் முழுக்க நின்ற ஓர் உறுப்பினர், அவர் வீட்டில் ஒருவர். மூவரிடமும் கேட்க ஒரே கேள்வி போதும்: 'யாரும் சொல்லாமல் அவராகவே செய்த ஒரு வேலை என்ன?' 'நல்லவர், பழக இனியவர்' என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்த முகாம், எந்த ஊர், எத்தனை பேர் என்று தொடர்ந்து கேளுங்கள்.

கிடைத்ததில் பெரும்பகுதியைத் தள்ளிவிட வேண்டும். படித்த பள்ளி, கல்லூரி, தொழிற்சங்கப் பொறுப்புகள், கோயில் திருப்பணிக் குழு, சென்றுவந்த நாடுகள் எல்லாம் விழா மலரில் அச்சாகட்டும். மேடையில் மூன்று செய்திகள் போதும்: அவர் என்ன தொழில் செய்கிறார், சங்கத்தில் என்ன செய்தார், அதிலிருந்து அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. ரோட்டரியில் ஒவ்வொருவரும் ஒரு தொழிலின் பிரதிநிதியாகவே உறுப்பினராகிறார் என்பது அடிப்படை. எனவே தொழிலை விட்டுவிடக் கூடாது. ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடையைச் சொல்ல விரும்பினால் ஒரே சொல்லில் முடியுங்கள். 1,000 அமெரிக்க டாலர் கொடுத்தவர் பால் ஹாரிஸ் ஃபெலோ. அதற்கு மேல் கொடுத்தவர்களுக்குப் பல படிகள் உண்டு. இந்தப் படியைத் தவறாகச் சொல்லிவிட்டால், முன்வரிசையில் இருக்கும் ரோட்டரி மாவட்ட நிர்வாகிகள் அதை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வார்கள். சங்கச் செயலாளரிடம் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

புதியவர் தன் ஆண்டில் செய்யப்போகும் திட்டங்களையும் அறிமுகத்தில் சொல்லிவிடக் கூடாது. அவற்றை அறிவிக்கும் மகிழ்ச்சி அவருக்கு உரியது. 'இவர் நூறு பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டப்போகிறார்' என்று பழைய தலைவரே சொல்லிவிட்டால், ஏற்புரையில் அவருக்கு மிஞ்சுவது நன்றிப் பட்டியல் மட்டும்தான்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். சிறு நகரம் ஒன்றில் மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண் புதிய தலைவர் என்று வைத்துக்கொள்வோம். பயோடேட்டாவில் இருப்பவை: பி.பார்ம் பட்டம், கடை தொடங்கிய ஆண்டு, சங்கத்தில் ஒன்பது ஆண்டுகள், பொருளாளர், செயலாளர், கணவர், இரண்டு பிள்ளைகள், மருந்து வணிகர் சங்கத்தில் ஒரு பொறுப்பு. இதை அப்படியே வாசித்தால் ஒன்றரை நிமிடம் ஆகும். யார் மனத்திலும் எதுவும் தங்காது. மேலே சொன்ன கேள்வியைக் கேட்டதில் கண் சிகிச்சை முகாம் பற்றிய ஒரு செய்தி கிடைத்தது என்று கொள்வோம். பதவி விடும் தலைவரின் உரை இப்படி அமையலாம்:

"நமது கண் சிகிச்சை முகாமில் புரை நீக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மருத்துவமனை வேன் ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. நம்முடைய கணக்கில் முகாம் அன்றோடு முடிந்தது. ஒருவர் கணக்கில் மட்டும் முடியவில்லை. அந்த 38 பேரின் பட்டியலை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையில் மாலைக் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். சொட்டு மருந்து எத்தனை வேளை விடுகிறீர்கள், யார் விட்டுவிடுகிறார்கள், கண் சிவந்திருக்கிறதா என்று விசாரித்தார். இரண்டு பேருக்கு மருந்து தீர்ந்துபோயிருந்தது. பஸ்ஸுக்குக் காசில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அன்றிரவே மருந்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபரிசோதனை நாளில் 38 பேரும் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு நம் சங்கம் நடத்தும் எந்த முகாமும் பட்டியல் இல்லாமல் முடிவதில்லை.

இவர் ஒன்பது ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறார். பொருளாளராக இருந்த ஆண்டில், மாதக் கணக்கு ஐந்தாம் தேதிக்குள் நம் கைக்கு வந்தது. இந்த ஓராண்டும் நிர்வாகக் குழுவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் முடிவு தவறு என்று பட்டபோதெல்லாம் கூட்டத்துக்கு முன்பே என்னிடம் தனியாகச் சொன்னார். அதற்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன். பிள்ளைகளின் தேர்வுக் காலத்திலும் இவரை நமக்கு அனுப்பிவைத்த குடும்பத்தாருக்கும் நன்றி.

நம் சங்கத்தின் புதிய தலைவர், ரோட்டேரியன்..."

பெயரோடு உரை முடிய வேண்டும். பெயருக்குப் பின் ஒரு சொல்லும் வரக் கூடாது. 'அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறேன், அனைவரும் பலத்த கரவொலி எழுப்பி' என்று நீட்டினால், பெயருக்கு எழுந்த கைத்தட்டல் உங்கள் குரலில் அமுங்கிவிடும். முதலிலேயே பெயரைச் சொல்லிவிடுவதும் வேண்டாம். எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும்தான். இருந்தாலும் பெயரைக் கடைசி வரை தள்ளிவைத்தால், கூடம் அதற்காகக் காத்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த உரையில் 'திறமையானவர்', 'சேவை மனப்பான்மை மிக்கவர்' என்ற சொற்களே இல்லை. 38 பேரும் மறுபரிசோதனைக்கு வந்ததைச் சொன்னபிறகு அவை தேவைப்படவில்லை.

மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் போகும். மேலேயுள்ள உரை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசை விருந்துக் கூடத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். நம் மேடைகளில் நேரத்தை உண்மையில் தின்பது விளிச்சொற்கள். மாவட்ட ஆளுநர், துணை ஆளுநர், முன்னாள் தலைவர்கள், சிறப்பு விருந்தினர், ஆன்கள் எனப்படும் உறுப்பினர்களின் மனைவியர் என்று ஒவ்வொருவரும் வரிசையாக விளிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. எட்டுப் பேர் பேசினால் பன்னிரண்டு நிமிடம் போயிற்று. வரவேற்புரை ஆற்றுபவர் ஒருமுறை முழு வரிசையையும் முறைப்படி விளிக்கட்டும். அடுத்தவர்கள் 'மேடையிலும் அரங்கிலும் உள்ள அனைவருக்கும் வணக்கம்' என்பதோடு தொடங்கட்டும். இதை விழாவுக்கு முன்பே துணை ஆளுநரிடம் சொல்லி வைத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. சொல்லாமல் செய்தால்தான் வரும்.

பதவி விடுபவரின் சொந்த உரை இதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான வரிசையில் செயலாளர் ஆண்டறிக்கை வாசித்துவிடுவார். எத்தனை முகாம், எத்தனை பயனாளி என்ற கணக்கெல்லாம் அதில் வந்துவிடும். தலைவர் எழுந்து அதே கணக்கைத் திரும்பச் சொல்லும்போதுதான் விழா தொய்கிறது. அவருக்கு உரிய வேலை நன்றி சொல்வது மட்டும்தான். அதையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு காரணம் சேர்த்து நான்கைந்து பேருக்குச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் நிறைவாக முடியும். மற்றவர்களை எழுந்து நிற்கச் சொல்லிச் சேர்த்துக் கைதட்ட வைக்கலாம். அந்த உரை முடிந்து, அறிமுகம் தொடங்கிய பிறகு, தன் ஆண்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. கண்ணியம் குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'நான் போட்ட அடித்தளத்தில் இவர் கட்டடம் எழுப்புவார்' என்பது புகழ் போலத் தோன்றும்; புதியவரை வாரிசாக்கிவிடும். 'இனிமேல்தான் நம் சங்கம் தலைநிமிரும்' என்பது அடக்கம் போலத் தோன்றும். ஓராண்டு கூடவே உழைத்த நிர்வாகக் குழுவின் முகத்தைப் பாருங்கள், அது என்னவென்று தெரியும். ஒப்பீடு எந்தத் திசையில் போனாலும் யாரையாவது காயப்படுத்தும்.

முடியாமல் நிற்கும் வேலை ஒன்றை மேடையிலேயே ஒப்படைப்பது அழகான வழக்கம். 'அரசுப் பள்ளியின் குடிநீர்க் கருவிக்குப் பணம் வசூலாகிவிட்டது. பொருத்தும் வேலை பாக்கி. அதை உங்களிடம் கொடுக்கிறேன், நானும் கூட நிற்பேன்' என்பது போல ஒரே வாக்கியம். ஆனால் இதைப் புதியவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். பணம் வங்கியில் இருக்கவும் வேண்டும். நின்றுபோன திட்டத்தை நூறு பேர் முன்னிலையில் அவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் ஒப்படைப்பு அல்ல. வங்கிக் கையொப்ப மாற்றம், நிலுவைச் சந்தா, கடன், ரசீதுப் புத்தகங்கள் ஆகியவற்றை ஜூன் மாதத்திலேயே இரண்டு நிர்வாகக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்.

இனி காலர். பெரும்பாலான சங்கங்களில் அது பட்டையில் முந்தைய தலைவர்களின் பெயர்த் தகடுகள் வரிசையாகப் பொருத்திய கனமான மாலை. முதல் சிக்கல் பொன்னாடையும் பூமாலையும். பதவி விடுபவருக்கு நன்றி செலுத்துகிறோம் என்று காலருக்கு மேலேயே மாலையும் சால்வையும் போட்டுவிடுவார்கள். பிறகு காலரைக் கழற்றும்போது தகடு பூவில் மாட்டும், சால்வை நழுவும், மூன்று பேர் ஓடிவந்து பிரிப்பார்கள். எனவே மரியாதை செய்வதெல்லாம் காலர் மாற்றத்துக்குப் பிறகு. அதற்கு முன் போட்டாக வேண்டுமென்றால் உடனே கழற்றி வாங்கிக்கொள்ள, கூட்ட ஒழுங்கைக் கவனிக்கும் சார்ஜென்ட் பக்கத்தில் நிற்க வேண்டும். கொக்கி உள்ள காலர் என்றால் முந்தின நாளே திறந்து மூடிப் பாருங்கள். துரு ஏறிய கொக்கி மேடையில்தான் திறக்காது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, கூடத்துக்குப் பக்கவாட்டாக நிற்க வேண்டும். பதவி விடுபவர் இரண்டு கையாலும் காலரைத் தலைக்கு மேலாகத் தூக்கிக் கழற்றி, நேரே புதியவரின் தோளில் வைக்கிறார். மேசையில் வைத்து எடுப்பதோ வேறொருவர் கை வழியாகக் கொடுப்பதோ வேண்டாம். அணிவித்துத் தகடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஓர் அடி பின்னால் நகர்ந்து, கைகுலுக்கிக் கூடத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கலாம். புகைப்படக்காரர் 'சார், இன்னொரு தடவை' என்று கேட்டுக் காலரைத் திரும்பக் கழற்ற வைப்பது பல விழாக்களில் நடக்கிறது. அவருக்கு நிற்கும் இடத்தையும் திசையையும் முன்பே காட்டிவிட்டு, அணிவிக்கும் கையை மூன்று நொடி அப்படியே வைத்திருந்தால் அந்தத் தொல்லை வராது. பதவியேற்பை நடத்திவைக்க மாவட்டத்திலிருந்து வந்தவர் உறுதிமொழி சொல்லவைக்கும் வழக்கம் உங்கள் சங்கத்தில் இருந்தால், வரிசை அறிமுகம், உறுதிமொழி, காலர் என்று இருக்கட்டும். நடத்திவைப்பவரே காலரை அணிவிக்க விரும்பினால், கழற்றும் வேலையாவது பழைய தலைவரிடம் இருக்கும்படி பேசி வையுங்கள்.

காலர் கழுத்துக்கு வந்ததும் புதிய தலைவரின் முதல் செயலாக, பழையவருக்கு முன்னாள் தலைவர் பின்னைக் குத்திவிடட்டும். கொடுத்த கை வெறுங்கையாக இறங்காமல் இருக்க இது உதவுகிறது. பின் சின்னது, மேடை வெளிச்சத்தில் விரல் நடுங்கும். சட்டைப் பையின் மேல் ஓரத்தில் முன்பே ஒரு சிறு துளை போட்டு வைக்கலாம். பட்டுப் புடவையில் ஊசி இழையை இழுத்துவிடும் என்பதால் பெண்களுக்குக் காந்தப் பின் வாங்குவது மேல். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் காந்தப் பின் கூடாது, கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வாழ்க்கைத் துணையையும் பெற்றோரையும் மேடைக்கு அழைப்பது இதற்குப் பிறகு. அழைக்கும் பெயர்களைத் தொகுப்பாளர் எழுதி வைத்திருக்க வேண்டும். அவர்களை முன்வரிசையின் நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். ஐந்தாம் வரிசை நடுவிலிருந்து வயதான தாயார் எழுந்து வந்து சேர்வதற்குள் கைத்தட்டல் ஓய்ந்துபோய்விடும்.

கூட்டத்தை மணி அடித்துத் தொடங்கிவைத்தவர் பழைய தலைவர். தேசிய கீதத்துக்குப் பின் மணி அடித்து முடித்துவைப்பவர் புதியவர். மணியும் சுத்தியும் காலர் மாற்றத்தின்போதே புதியவர் பக்கம் நகர்த்தப்பட வேண்டும். மேசைப் பெயர்ப் பலகைகளும் நாற்காலிகளும் அதே நேரத்தில் மாற வேண்டும். இரண்டாவது பெயர்ப் பலகையை முன்பே அச்சடித்து மேசைக்கு அடியில் வைத்திருங்கள். பழைய தலைவரை மேடையை விட்டு இறக்கிவிடாதீர்கள். உடனடி முன்னாள் தலைவர் என்ற பெயரில் அவர் அடுத்த ஓராண்டும் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். அவருக்கு மேடையில் நாற்காலி உண்டு, அடுத்த வாரக் கூட்டத்தின் அழைப்பும் அவருக்குப் போக வேண்டும்.